கேட்காத சேவைக்குக் கட்டணம் எதற்கு?



தோட்டத்தில் சம்பளத் துண்டைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் பார்ப்பது கழிவுகளைத்தான். சேமலாப நிதிக்கு எவ்வளவு, முற்பணத்துக்கு எவ்வளவு, சந்தா எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக வாசிப்போம். ஐம்பது ரூபா கூடுதலாக வெட்டப்பட்டிருந்தால் மறுநாள் காலையே செக்ரோல் கிளாக்கரின் மேசைக்கு முன்னால் நிற்போம். அப்படிப்பட்ட நாம், வங்கி வெட்டும் காசை மட்டும் ஏன் என்று கேட்பதில்லை. வங்கிப் புத்தகத்தில் மூன்று நான்கு ஆங்கில எழுத்துகளுக்கு எதிரே ஒரு தொகை கழிந்திருக்கும். “ஏதோ பேங்க் சார்ஜ்” என்று மூடி வைத்துவிடுவோம்.

அந்த “ஏதோ” என்ன என்பதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். வன்னியில் இருக்கும் எமது குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகிறோம். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பலருடைய உறவு இன்னும் தோட்டத்தில்தான். யுத்தம் முடிந்த பின் ஏ-9 வீதி நெடுகிலும் வங்கிப் பெயர்ப்பலகைகள் முளைத்தன. ஆடைத்தொழிற்சாலைச் சம்பளம், அஸ்வெசும, மகன் கொழும்பிலிருந்து போடும் காசு எல்லாமே இன்று வங்கி வழியாகத்தான் வருகின்றன. கணக்குத் திறப்பது நாம் விரும்பிச் செய்ததல்ல. “கணக்கு இலக்கம் தாருங்கள், இல்லாவிட்டால் காசு வராது” என்றார்கள், திறந்தோம். இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் எமது வாதம் இதன்மேல்தான் நிற்கிறது.

கிளிநொச்சி பாரதிபுரத்திலிருந்து ஒரு சகோதரி எம்மிடம் கொண்டுவந்த புத்தகத்தைப் பார்ப்போம். வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை. ஆடைத்தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், தொழிற்சாலை சொன்ன வங்கியில் சம்பளக் கணக்கு திறந்தவர் அவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். கணக்கை மூடவில்லை. கொஞ்சக் காசு கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு வருடம் கழித்துப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்தால் பாதிக் காசைக் காணவில்லை.

வரி வரியாகக் கூட்டினோம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 600 ரூபா. குறுஞ்செய்தி அறிவித்தலுக்கு மாதம் 30 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 360. வேறு வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தில் மூன்று தடவை காசு எடுத்ததற்கு 90, இரண்டு தடவை மீதி பார்த்ததற்கு 15. கடைசி நான்கு மாதமும் மீதி ஆயிரத்துக்குக் கீழே போனதால் மாதம் 50 வீதம் 200. எல்லாமாக 1,265 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு முழு நாள் மலையேறிக் கொழுந்து பறித்து நிறுத்தால் அப்போது கிடைத்த அந்தக் கூலியில் 85 ரூபாதான் குறைவு. உங்கள் வங்கியின் கட்டணங்கள் இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். கூட்டிப் பார்க்கும் முறை இதுதான்.

“அந்தக் கார்ட்ட நாங்க கேக்கவே இல்லீங்க. கணக்குத் தொறக்கயில அவங்களாத்தான் குடுத்தாங்க” என்றார் அந்தச் சகோதரி. குறுஞ்செய்தியும் அப்படித்தான் வந்தது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு சிறிய பெட்டி. அதில் அடையாளம் போட்டது அவரா, படிவத்தை நிரப்பிக் கொடுத்த உத்தியோகத்தரா என்பது இன்று யாருக்கும் தெரியாது. இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. அவருடைய பழைய தொலைபேசி இலக்கம் எப்போதோ செத்துப்போயிற்று. ஜூன் மாதம் கிளைக்குப் போய்ப் புதிய இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் ஒரு செய்திகூட வரவில்லை. கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் போனது. இடம்பெயர்ந்து, சிம் மாற்றி, மறுபடியும் மாற்றி வாழும் வன்னியில் இப்படி எத்தனை அறிவித்தல்கள் யாருடைய தொலைபேசியில் விழுகின்றனவோ!

இனி, இந்தக் கட்டணங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்கிறோம். அது தெரிந்தால்தான் நிறுத்த முடியும்.

அட்டையின் ஆண்டுக் கட்டணம், நீங்கள் அதைப் பாவிப்பதற்காக எடுக்கப்படுவதல்ல. அட்டை உங்கள் பேரில் உயிரோடு இருப்பதற்காக எடுக்கப்படுவது. அலுமாரியில் கிடந்தாலும் எடுப்பார்கள். கத்திரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டாலும் எடுப்பார்கள், ஏனென்றால் வங்கியின் கணினியில் அட்டை இன்னும் உயிரோடிருக்கிறது. காலாவதியானால் முடிந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. பல வங்கிகள் தாமாகவே புதிய அட்டையை அடித்து வைத்துவிடும். எழுத்தில் இரத்துச் செய்தால் மட்டுமே அது நிற்கும்.

சம்பளக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. தொழிற்சாலை மாதாமாதம் சம்பளம் போடும்வரை சில கட்டணங்களை வங்கி விட்டுக்கொடுத்திருக்கும். அது தொழிலாளிக்குக் காட்டிய சலுகையல்ல, முதலாளியோடு வைத்துக்கொண்ட ஒப்பந்தம். வேலையை விட்டுச் சம்பளம் நின்றதும் அந்தக் கணக்கு சாதாரணக் கணக்காகிவிடும், கட்டணமும் தொடங்கும். வருமானம் நின்ற அதே மாதத்தில் செலவு ஆரம்பிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, கணக்கில் காசே இல்லாவிட்டால் தப்பிவிடலாம் என்ற எண்ணம். அதுவும் பிழை. பல இடங்களில் எடுக்க முடியாத கட்டணம் நிலுவையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் காசு வந்து விழும்போது காத்திருந்து பிடித்துக்கொள்ளும். அஸ்வெசும திட்டத்தில் “பாதிக்கப்படக்கூடியவர்” பிரிவுக்கு 2023 இல் தொடங்கும்போது மாதம் 5,000 ரூபா என்று வைத்தார்கள். நிலுவை கிடக்கும் பழைய கணக்கின் இலக்கத்தைக் கொடுத்தவருக்கு அந்த ஐயாயிரம் முழுதாகக் கைக்கு வராது. புத்தகத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வரவு விழுந்த அதே தேதியிலோ மறுநாளோ, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று சிறு கழிவுகள் இருந்தால் அது நிலுவை பிடித்ததுதான்.

வங்கிக்காரர் சொல்லும் பதில் எமக்குத் தெரியும். “எல்லோருக்கும் ஒரே கட்டணம்தானே, உங்களுக்கு மட்டும் தனியாகவா எடுக்கிறோம்?” என்பார்கள். அதுதான் அநியாயமே. பத்து லட்சம் வைத்திருக்கும் முதலாளிக்கு 600 ரூபா கண்ணிலும் படாது, வட்டியில் கரைந்துவிடும். மூவாயிரம் வைத்திருக்கும் எமது சகோதரிக்கு அதே 600, சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வருடம் அவருக்குக் கிடைத்த வட்டியால் அந்த வருடக் குறுஞ்செய்திக் கட்டணத்தைக்கூட ஒழுங்காகக் கட்ட முடியாது. குறைந்த மீதிக் கட்டணமோ அதற்கும் மேலே போகிறது. காசு இல்லை என்பதற்காகவே காசு எடுக்கும் கட்டணம் அது!

நுண்கடன்காரர் வன்னியில் வீட்டு வாசலில் வந்து குந்தியிருந்து கூச்சல் போட்டபோது ஊரே பார்த்தது, பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். இது சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் திரளவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சில்லறைக் காசைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு இந்தியாவின் கணக்கைக் காட்டுகிறோம். 2023 ஆகஸ்டில் அங்கே மாநிலங்களவையில் நிதியமைச்சு கொடுத்த பதில் இது. 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் குறைந்த மீதிக்காகவும், அளவுக்கு மேல் ஏ.ரி.எம். பாவித்ததற்காகவும், குறுஞ்செய்திக்காகவும் அறவிட்டது 35,000 கோடி இந்திய ரூபாவுக்கும் மேல். குறுஞ்செய்திக்கு மட்டும் 6,254 கோடி. ஒவ்வொருவரிடமும் எடுத்தது சில்லறைதான். ஆனால் அதே இந்தியாவில் மாற்று வழியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2012 இல் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்றை எல்லா வங்கியும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதில் குறைந்தபட்ச மீதி கிடையாது, ஏ.ரி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணமும் கிடையாது. 2013 நவம்பரில் குறுஞ்செய்திக்கும் ஒரு விதி சொன்னது. எல்லோரிடமும் ஒரே தொகை எடுக்காமல், அனுப்பிய செய்திக்கு ஏற்றபடி மட்டுமே எடுக்க வேண்டும் என்றது. நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் வங்கி 2020 இல் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்த மீதித் தண்டத்தையும் குறுஞ்செய்திக் கட்டணத்தையும் எடுத்தேவிட்டது. அதனால் அந்த வங்கி ஒன்றும் இடிந்து விழவில்லை.

இலங்கையில் சட்டம் முழுக்க எமக்கு எதிராக இல்லை. நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வெளியாகின. கட்டணங்களை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், முறைப்பாட்டை ஏற்று விசாரிக்க ஒழுங்கு வைத்திருக்க வேண்டும் என்பவை வங்கிகளின் கடமைகள். அதற்கும் முன்பே, 2011 இல் மத்திய வங்கி வாடிக்கையாளர் பட்டயம் ஒன்றை வெளியிட்டது. வேறு வங்கி இயந்திரத்தில் லங்காபே வழியாகக் காசு எடுப்பதற்கு 30 ரூபா, மீதி பார்ப்பதற்கு 7 ரூபா 50 சதம் என்று உச்ச அளவு வைத்ததும் மத்திய வங்கிதான். ஆகவே கட்டணத்துக்கு எல்லை போட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றுக்குப் போட்டவர்கள் மற்றதற்கும் போடலாம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதை வைப்பது, எதை நிறுத்துவது என்று முதலில் வீட்டில் இருந்து யோசியுங்கள். முல்லைத்தீவின் உட்கிராமத்தில் இருப்பவருக்கு வங்கிக் கிளைக்குப் போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் வேலையும் ஆண்டுக் கட்டணத்தைவிடக் கூடப் போகலாம். அவர் மாதாமாதம் அருகிலுள்ள சந்தியில் அட்டையால் காசு எடுக்கிறார் என்றால் அட்டையை வைத்திருக்கட்டும். தன் வங்கியின் இயந்திரத்திலேயே, மாதம் ஒரே தடவையில் எடுத்தால் மற்றக் கட்டணங்கள் குறையும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பவருக்கும், எப்படியும் டவுனுக்குப் போகிறவருக்கும் புத்தகமே போதும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குறுஞ்செய்தி விடயத்தில் அவசரப்படாதீர்கள். அட்டையை வைத்துக்கொண்டு அறிவித்தலை மட்டும் நிறுத்துவது எமக்குச் சரியாகப் படவில்லை. அட்டை தொலைந்து யாராவது காசு எடுத்தால் முதலில் சொல்வது அந்தச் செய்திதான். அட்டையும் இல்லை, தொலைபேசி வழி வங்கிச் சேவையும் இல்லை, காசு எடுப்பது புத்தகத்தோடு கிளையில் மட்டும் என்றால் அறிவித்தலை நிறுத்தலாம். வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இலக்கம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்காகத் திறந்து இப்போது சும்மா கிடக்கும் கணக்கை மீதியை எடுத்து மூடிவிடுவதே நல்லது. மூடுவதற்குக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

புத்தகத்தில் இன்னொரு சிறு கழிவும் இருக்கும். வட்டி வரவாகும் இடத்திலேயே அதில் பத்தில் ஒன்று கழிந்திருந்தால், அது வங்கிக் கட்டணமல்ல, அரசாங்கத்தின் வரி. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்கு மேற்படாதவர் அதற்கான சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முடிவு செய்த பின் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுங்கள். பாரதிபுரச் சகோதரி கொடுத்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறோம்:

“கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
எனது சேமிப்புக் கணக்கு இலக்கம் …… இக்கணக்குக்கு வழங்கப்பட்ட, கடைசி நான்கு இலக்கம் …… உடைய அட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதனை இன்றே இரத்துச் செய்யவும். புதுப்பிக்கவோ புதிய அட்டை வழங்கவோ வேண்டாம். குறுஞ்செய்தி அறிவித்தல் சேவையையும் இன்றே நிறுத்தவும். கீழே தேதியும் தொகையும் குறிப்பிட்டுள்ள கட்டணங்கள் எந்த விண்ணப்பத்தின் பேரில் அறவிடப்பட்டன என்பதற்கு எனது ஒப்பத்துடனான பிரதியைக் காட்டவும். இல்லையேல் அத்தொகையைக் கணக்கில் மீள வைப்பிடவும். நிலுவைக் கட்டணம் ஏதும் இருப்பின் அதனையும் அறியத்தரவும். பதிலைத் தமிழில் எழுத்து மூலம் தரவும்.”

இரண்டு பிரதி எழுதி, இரண்டாவதில் தேதி முத்திரையும் ஒப்பமும் வாங்குங்கள். அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி. முழு அட்டை இலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் கடிதத்தில் எழுதவே கூடாது. அட்டையைக் கொடுக்கும்போது அவர்கள் உங்கள் கண் முன்னால் வெட்டட்டும். அடுத்த மாதம் புத்தகத்தில் பதிவு போட்டுப் பாருங்கள். கட்டணம் மறுபடி எடுத்திருந்தால் அதே தாளோடு திரும்பப் போக வேண்டும்.

அந்தச் சகோதரிக்கு என்ன கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அட்டைக்கான 600 திரும்பி வந்தது. இலக்கம் மாற்றக் கொடுத்த பிறகு போன ஆறு மாதக் குறுஞ்செய்திக் கட்டணம் 180 உம் வந்தது. அதற்கு முந்திய மாதங்களுக்குத் தர மறுத்துவிட்டார்கள். படிவத்தில் ஒப்பம் இருக்கிறது என்று காட்டினார்கள், இருந்தது. குறைந்த மீதிக்கான 200 உம், பாவித்ததற்கான ஏ.ரி.எம். கட்டணமும் கிடைக்கவில்லை. 1,265 இல் 780 வந்தது. இனி மாதாமாதம் ஒழுகுவது நின்றது, அதுதான் பெரிது.

கிளை பதில் தராவிட்டால் வங்கியின் தலைமையகத்து முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1935. கொழும்பு 5, வஜிர வீதியில் நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் உண்டு. முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்று அங்கே கேட்பார்கள். முத்திரை குத்திய அந்தப் பிரதி அப்போது உதவும்.

எமது சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். சம்பளமோ அரசாங்க உதவியோ வாங்குவதற்காகக் கட்டாயத்தின் பேரில் திறக்கப்படும் கணக்கில் ஆண்டுக் கட்டணமும், குறுஞ்செய்திக் கட்டணமும், குறைந்த மீதித் தண்டமும் இருக்கக் கூடாது. அட்டையும் அறிவித்தலும் கேட்டவருக்கு மட்டுமே கொடுக்கப்பட வேண்டும். படிவத்தில் அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கட்டும், விரும்பியவர் தம் கையால் நிரப்பட்டும். புத்தகத்தில் கழிவின் பெயர் தமிழில் அச்சாக வேண்டும். எதற்காக வெட்டினார்கள் என்று வாசிக்க முடியாத ஒரு கழிவைத் தோட்டத்துத் துரைகூடச் சம்பளத் துண்டில் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. இந்தக் கோரிக்கையை மத்திய வங்கியிடம் கொடுப்பதற்கு எமக்கு வெறும் பேச்சுப் போதாது, உங்கள் புத்தகங்களின் பிரதிகள் வேண்டும். பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டே பாவிப்போம்.

ஆண்டுக் கட்டணம் எடுத்த பின் திரும்ப வாங்குவதைவிட, எடுப்பதற்கு முன் நிறுத்துவது சுலபம். உங்கள் அட்டையின் முகப்பில் காலாவதி மாதமும் வருடமும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அந்த மாதம்தான் அட்டை வழங்கப்பட்ட மாதம், ஆண்டுக் கட்டணமும் பெரும்பாலும் அதையொட்டியே விழும். போன வருடப் புத்தகப் பதிவோடு ஒத்துப்பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும். அடுத்த மாத இலக்கம் யாருடைய அட்டையில் இருக்கிறதோ, அவர்கள் இந்த வாரமே புத்தகத்தோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். கடிதத்தை இருந்து சேர்ந்து எழுதுவோம்.